உப்புக் காற்றின் மேல் போட்ட பழி: அரிச்சல்முனையில் வந்த ‘கார்டு எரர்’

தங்கச்சிமடத்தில் முந்தைய நாள் கல்யாணம். மறுநாள் காலை மணமக்களை அரிச்சல்முனைக்கு அழைத்துப் போய் அவுட்டோர் எடுப்பதாக ஏற்பாடு. ஸ்டுடியோவிலிருந்து கேமராமேன் தம்பியும், கூடமாட உதவ ஒரு பையனும் போயிருந்தார்கள். பையில் மூன்று எஸ்.டி. கார்டுகள். இரண்டு 64 ஜிபி, ஒன்று 32 ஜிபி. 64 ஜிபி கார்டுகள் இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே நிறம், பக்கத்தில் வைத்தால் அடையாளம் தெரியாது. கோயில் சடங்கு ஒன்றில், மாலை வரவேற்பு இன்னொன்றில் எடுக்கப்பட்டிருந்தது. கோயில் படங்களை எடிட்டர் இரவோடு இரவாகக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கார்டைக் காலி செய்து, காலையில் எடுத்துப் போக வசதியாக மேசை மேல் வைத்திருந்தார்.

அரிச்சல்முனையில் அந்தக் கார்டைக் கேமராவில் போட்டதும் திரையில் வந்தது இது:

```
Err 02
Card cannot be accessed. Reinsert/change
card or format card with camera.
```

தம்பி கார்டை வெளியே எடுத்து, சட்டையில் துடைத்து, மறுபடி போட்டார். அதேதான். பேட்டரியைக் கழற்றி மாட்டினார். அதேதான். சங்கு, பாசிமணி விற்கும் கடைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “இந்தக் காத்துல இரும்பே நிக்காது தம்பி, கார்டு எம்மாத்திரம்?” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அங்கே கேட்டால் யாரும் அதைத்தான் சொல்வார்கள். இரண்டு பக்கமும் கடல், நடுவில் மணல், ஓயாத காற்று. எந்தப் பொருள் கெட்டாலும் பழி போட உப்பு தயாராக இருக்கிறது.

கார்டு ரீடரைப் போனில் செருகிப் பார்த்தால், இந்தக் கார்டு இந்தப் போனுக்கு ஒத்துவராது, ஃபார்மேட் செய்து சரிசெய்யட்டுமா என்ற பொருளில் ஒரு அறிவிப்பு வந்தது. கேமராவும் ஃபார்மேட் செய்யச் சொல்கிறது, போனும் ஃபார்மேட் செய்யச் சொல்கிறது. தம்பி இரண்டையும் செய்யவில்லை. அவருடைய பயம் நியாயமானது. இன்னொரு 64 ஜிபி கார்டைப் போட்டுப் பார்த்தார், அதில் வரவேற்புப் படங்கள் தெரிந்தன. அப்படியென்றால் எரர் காட்டுவது கோயில் கார்டு. எடிட்டர் அதைக் காப்பி எடுத்துக் காலி செய்த கார்டா, இல்லை காப்பி எடுக்கும் முன்பே கெட்டுப்போன கார்டா? எடிட்டர் விடிய விடிய வேலை பார்த்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார், போன் எடுக்கவில்லை. தாலி கட்டிய படங்கள் அந்தக் கார்டில் மட்டும்தான் இருக்கின்றன என்றால், ஒரு பொத்தானை அழுத்தி அதை அழித்துவிட்டு யார் முகத்தில் முழிப்பது?

கார்டைத் தனியாகப் பெட்டியில் போட்டு வைத்துவிட்டு 32 ஜிபி கார்டில் வேலையை முடித்தார். RAW என்ற ரா முறையில் எடுத்தால் கார்டு சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் ஜேபெக் மட்டும். 4கே வீடியோவைக் கைவிட்டார். விநாடிக்கு 100 மெகாபிட் ஓடும் 4கே வீடியோ நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 750 எம்பி தின்னும், 32 ஜிபி முழுவதும் கொடுத்தாலும் நாற்பத்து மூன்று நிமிடத்தைத் தாண்டாது. நஷ்டம் என்று பார்த்தால் அவ்வளவுதான்: ராவும் வீடியோவும் இல்லாத ஒரு அவுட்டோர். கார்டைத் தூக்கி எறிவது என்று ஸ்டுடியோக்காரர் முடிவு செய்துவிட்டார். “எறியறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துச் சொல்லுங்கண்ணே” என்று தம்பிதான் ராமநாதபுரத்தில் என் மேசைக்குக் கொண்டுவந்தார்.

உப்பு வேலையை நான் தினமும் பார்க்கிறேன். பாம்பன், மண்டபம், தேவிபட்டினம், கீழக்கரை என்று எங்கிருந்து கேமரா வந்தாலும் திருகாணிகளில் துரு, டயலுக்கு அடியில் வெள்ளைப் பொடி, லென்ஸ் மவுண்டில் மணல் இருக்கும். அதனால் உப்பு என்று யாராவது சொன்னால் உடனே மறுக்க மாட்டேன். ஆனால் உப்பால் வரும் கோளாறுக்கு ஒரு குணம் உண்டு. அது நிலையாக இருக்காது. கார்டைச் செருகும்போது ஒரு தடவை படிக்கும், அடுத்த தடவை படிக்காது. லேசாக அழுத்தினால் வேலை செய்யும், கேமராவை அசைத்தால் நின்றுபோகும். கோளாறு கேமராவின் கார்டுக் குழியில் இருந்தால் எந்தக் கார்டைப் போட்டாலும் வரும். கார்டின் தொடுமுனைகளில் இருந்தால் கம்ப்யூட்டர் ரீடரிலும் தடுமாறும்.

இந்தக் கார்டு அப்படி நடந்துகொள்ளவில்லை. எத்தனை முறை செருகினாலும் அதே எரர், அதே விநாடியில். அதே கேமராவில் 32 ஜிபி கார்டு ஒரு தடவை கூட முரண்டு பிடிக்கவில்லை, அதுவும் அதே காற்றில்தான் கிடந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் கார்டின் தங்கப் பட்டைகள் ஒன்பதும் பளிச்சென்று இருந்தன. பச்சை பூத்த இடமோ வெள்ளைப் படிவோ இல்லை. பக்கத்தில் இருக்கும் பூட்டுப் பொத்தானும் சரியான இடத்தில்தான் இருந்தது. வேறொரு கேமராவில் போட்டேன், அதுவும் மறுத்தது. கம்ப்யூட்டரில் போட்டேன், ஒரு முனகல் இல்லாமல் திறந்தது: காலியான கார்டு, 59 ஜிபி சொச்சம் இடம்.

இந்த இடத்திலேயே பாதி விடை கிடைத்துவிட்டது. கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறையும் தயங்காமல் படிக்கிறது, கேமரா ஒவ்வொரு முறையும் மறுக்கிறது என்றால் கார்டின் உடம்பில் கோளாறு இருக்க வாய்ப்புக் குறைவு. கார்டு எழுதப்பட்டிருக்கும் விதத்தில்தான் ஏதோ இருக்கிறது. விண்டோஸில் கார்டின் டிரைவ் எழுத்தைப் பார்த்துக்கொண்டு பவர்ஷெல்லில் இதை அடித்தேன். கார்டு E: என்று வந்திருந்தது.

```
Get-Volume -DriveLetter E
Get-Partition -DriveLetter E | Select-Object Offset, Size
```

முதல் வரிக்கு வந்த பதிலில் கோப்பு முறை, அதாவது கார்டில் கோப்புகளை எழுதி வைக்கும் ஒழுங்கு, NTFS என்று இருந்தது. பவர்ஷெல் எல்லாம் வேண்டாம் என்பவர்கள் டிரைவின் மேல் வலது கிளிக் செய்து Properties பார்த்தாலே போதும், File system என்ற வரியில் அதே விடை இருக்கும்.

எடிட்டரிடம் கேட்டதும் கதை முழுதாக வெளியே வந்தது. அவர் பென்டிரைவில் கல்யாண வீடியோ ஏற்றிக் கொடுத்துக் கொடுத்துப் பழகியவர். FAT32 பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. பெரிய வீடியோ ஏறாமல் வாடிக்கையாளர் முன்னால் அவமானப்பட்ட பிறகு, எந்த டிரைவாக இருந்தாலும் NTFS தேர்ந்தெடுத்து ஃபார்மேட் செய்வது அவருக்குக் கைப்பழக்கமாகிவிட்டது. 64 ஜிபி கார்டுக்கு விண்டோஸ் தானாக exFAT என்றுதான் காட்டும். அவர் மெனக்கெட்டு மாற்றியிருக்கிறார். exFAT முறையில் அந்த 4 ஜிபி தடையே கிடையாது என்பதால் மாற்ற வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. நல்லெண்ணத்தில் செய்த காரியம்தான். கம்ப்யூட்டரில் கார்டு அருமையாகத் திறந்ததால் அவருக்குச் சந்தேகம் வரவும் வழியில்லை.

கேமராவுக்குள் நடந்தது என்ன என்று பார்ப்போம். கார்டைப் போட்டதும் கேமரா முதலில் கார்டின் ஆரம்பத் துண்டைப் படிக்கிறது. 512 பைட் கொண்ட அந்தத் துண்டில், தரவுப் பகுதி கார்டில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற அட்டவணை இருக்கும். அங்கே போய், அந்தப் பகுதியின் முதல் துண்டைப் படிக்கிறது. அதன் தொடக்கத்திலேயே இது என்ன முறையில் எழுதப்பட்டது என்ற பெயர் எழுத்தாகவே கிடக்கும். கேமரா எதிர்பார்த்தது EXFAT. கிடைத்தது NTFS. கேமராவின் மென்பொருளுக்கு NTFS படிக்கத் தெரியாது, அதைச் சொல்லிக்கொடுக்க அதை உருவாக்கியவர்களுக்குக் காரணமும் இல்லை. எஸ்.டி. கார்டுகளுக்கான விதிகளை வகுக்கும் எஸ்.டி. சங்கம் 2 ஜிபிக்கு மேல் 32 ஜிபி வரை FAT32 என்றும், அதற்கு மேல் exFAT என்றும் வரையறுத்திருக்கிறது. கார்டின் மேலே எஸ்.டி.எச்.சி., எஸ்.டி.எக்ஸ்.சி. என்று அச்சடித்திருப்பது இந்த இரண்டு வகையைத்தான். கேமரா அந்த இரண்டை மட்டும் படித்தால் போதும் என்ற நம்பிக்கையில் செய்யப்படுகிறது.

இதில் குழப்பம் கூட்டுவது அந்த அறிவிப்பு. தொடுமுனையில் உப்பு, கார்டு செத்துப்போனது, கோப்பு முறை புரியவில்லை, அட்டவணை பாதி எழுதப்பட்டு நின்றது எல்லாவற்றுக்கும் கேமரா கிட்டத்தட்ட ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறது. கார்டை அணுக முடியவில்லை என்றால் கார்டு கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் படிப்பவருக்கு அப்படித்தான் தோன்றும். அதே அறிவிப்பின் கடைசிப் பகுதியில், கேமராவில் ஃபார்மேட் செய் என்று மருந்தும் எழுதியிருக்கிறது. காலியான கார்டுக்கு அது சரியான மருந்து. படம் இருக்கும் கார்டுக்கு அது விஷம். எது எந்தக் கார்டு என்று கேமராவுக்குத் தெரியாது.

சரி, கார்டைச் சரிசெய்த விதம். ஃபார்மேட் செய்வதற்கு முன் கோயில் படங்கள் கம்ப்யூட்டரில் முழுதாக இருக்கின்றனவா என்று எடிட்டரைத் திறந்து பார்க்கச் சொன்னேன். கோப்புகளின் எண்ணிக்கை மட்டும் போதாது, முதலில், நடுவில், கடைசியில் சில ராவ் படங்களைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். காப்பி நடுவில் தடைப்பட்டால் பெயர் இருக்கும், படம் பாதிக்கு மேல் சாம்பல் நிறமாக இருக்கும். இங்கே எல்லாம் நன்றாக இருந்தது, இன்னொரு ஹார்டு டிஸ்கிலும் ஏற்றி வைத்தார்கள். அதற்கு முன்னால் நான் கார்டில் எதையும் மாற்றவில்லை. காரணம், எடிட்டர் Quick Format என்ற கட்டத்தில் இருந்த டிக்கை அப்படியே விட்டிருந்தார். அந்த முறையில் விண்டோஸ் கோப்பு அட்டவணையை மட்டும் புதிதாக எழுதும், படங்களின் தரவைப் பெரும்பாலும் தொடாது. ஒருவேளை காப்பி சரியில்லை என்றால், அந்தக் கார்டிலிருந்து போட்டோரெக் போன்ற மீட்பு மென்பொருள் வைத்துத் தாலி கட்டும் படங்களைத் தோண்டி எடுக்க வாய்ப்பு இருந்தது. அந்த டிக்கை எடுத்துவிட்டு ஃபார்மேட் செய்திருந்தால் அந்த வாய்ப்பும் போயிருக்கும். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து முழு ஃபார்மேட் என்பது கார்டு முழுவதும் பூஜ்யத்தை எழுதி நிரப்புவது. நேரமும் பிடிக்கும், மீட்கவும் எதுவும் மிஞ்சாது.

படங்கள் பத்திரம் என்று தெரிந்தபின், கார்டைக் கேமராவில் போட்டு மெனுவில் ஃபார்மேட் கொடுத்தோம். சில விநாடிகளில் முடிந்தது. எரர் போனது, படம் எடுத்தது, வீடியோ எடுத்தது. தூக்கி எறிய இருந்த கார்டு.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஸ்டுடியோக்காரர் ஒரு நல்ல கேள்வி கேட்டார்: “அப்ப exFAT-னு சரியா தேர்ந்தெடுத்தா கம்ப்யூட்டர்லயே பண்ணலாம்ல? எதுக்கு கேமராவுலதான் பண்ணணும்னு சொல்றீங்க?” அதனால் கேமரா செய்ததையும் கம்ப்யூட்டர் செய்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.

கேமரா ஃபார்மேட் செய்த பிறகு அதே இரண்டு வரிகளை அடித்தால், கோப்பு முறை exFAT. Offset என்ற இடத்தில் 16777216, அதாவது கார்டின் தொடக்கத்திலிருந்து 16 எம்பி தள்ளித் தரவுப் பகுதி ஆரம்பிக்கிறது. உள்ளே, கேமரா படங்களைப் போட்டு வைக்கும் DCIM என்ற கோப்புறையும் இருந்தது. பிறகு சோதனைக்காக விண்டோஸின் diskpart கட்டளையால் கார்டை அடியோடு துடைத்து, புதுப் பகுதி உருவாக்கி, exFAT என்று ஃபார்மேட் செய்தேன். இப்போது Offset 1048576. வெறும் 1 எம்பி தள்ளி. கேமராவில் போட்டால்? எரர் இல்லை. எடுத்துக்கொண்டது.

ஆக, கம்ப்யூட்டரில் exFAT ஃபார்மேட் செய்தால் கேமரா மறுக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். பெரும்பாலும் மறுக்காது. எக்ஸ்ப்ளோரரில் வலது கிளிக் செய்து சாதாரணமாக ஃபார்மேட் கொடுத்தால் விண்டோஸ் அந்தத் தொடக்க இடத்தைக் கூட மாற்றாது, உள்ளே இருப்பதை மட்டும் புதிதாக எழுதும். வித்தியாசம் நுணுக்கமானது.

கார்டுக்குள் இருக்கும் ஃபிளாஷ் நினைவகம், ஒவ்வொரு பைட்டாக அழித்து எழுதக்கூடியது இல்லை. பெரிய பெரிய தொகுதிகளாகத்தான் அழிக்க முடியும். ஒரு தொகுதி எவ்வளவு பெரியது என்பதைக் கார்டு தன் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறது, கேமரா கேட்டால் சொல்லும். அந்த அளவுக்கு ஏற்ப, எழுதும் இடம் தொகுதியின் விளிம்பில் சரியாகத் தொடங்கும்படி கேமரா கார்டை அமைக்கிறது. பாத்தி கட்டும்போது வரப்பிலேயே தொடங்குவது மாதிரி. கம்ப்யூட்டருக்கோ அது இன்னொரு டிஸ்க், அவ்வளவுதான். ஹார்டு டிஸ்குக்கும் பென்டிரைவுக்கும் போடுகிற கணக்கையே இதற்கும் போடும். தொடக்கம் விளிம்பில் இல்லாமல் போனால் ஒரே எழுத்து வேலைக்காக இரண்டு தொகுதிகளைக் கார்டு கையாள வேண்டி வரலாம். புகைப்படம் எடுக்கையில் இது தெரியாது, கேமராவின் பஃபர் சமாளித்துவிடும். நீண்ட 4கே வீடியோவில்தான் தெரியும். கார்டின் மேல் போட்டிருக்கும் வி30 என்ற குறி, வீடியோ எழுதும்போது விநாடிக்கு 30 எம்பிக்குக் கீழே இறங்காது என்ற உறுதி. அந்த உறுதி, சங்கம் சொன்ன முறையில் கார்டு அமைக்கப்பட்டிருக்கிறது என்ற நிபந்தனையோடு வருவது. நல்ல புதுக் கார்டில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாமல் போகும். பல வருடம் உழைத்த கார்டில், பதிவு நடுவில் தானாக நின்றுபோவதாக அது வெளிப்படலாம்.

என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய காரணம் வேறு. கம்ப்யூட்டரின் ஃபார்மேட் பெட்டியில் தேர்ந்தெடுக்க நிறைய இருக்கிறது: கோப்பு முறை, துண்டின் அளவு, விரைவா முழுதா. மேக் கம்ப்யூட்டரில் இன்னும் ஒன்று கூடுதல், GUID Partition Map என்ற தேர்வு. அதில் போய்விட்டால் exFAT என்று கொடுத்திருந்தாலும் பல கேமராக்கள் திணறும், ஏனென்றால் கார்டின் முதல் துண்டில் இருக்கும் அட்டவணையே அவற்றுக்குப் புரியாத முறைக்கு மாறிவிடும். கேமராவின் மெனுவில் இவை எதுவும் கேட்கப்படுவதில்லை. ஆமா, இல்லை, இரண்டே பொத்தான். தப்பாகத் தேர்ந்தெடுக்க வழியில்லை. நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தில் செய்கிற வேலைக்கு இது பெரிய பாதுகாப்பு.

இன்னொன்று, கம்ப்யூட்டரில் ஃபார்மேட் செய்யும்போது எந்த டிரைவ் எழுத்து எது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு ரீடர், ஒரு பென்டிரைவ், ஒரு வெளி ஹார்டு டிஸ்க் மாட்டியிருக்கும் எடிட்டிங் மேசையில் E:, F: மாறிப்போவது ஒரு நொடி வேலை. கேமராவில் ஃபார்மேட் செய்யும்போது கேமராவுக்குள் இருக்கும் கார்டு மட்டுமே அழியும். இரண்டு குழி இருக்கும் கேமராவில் மட்டும் எந்தக் குழி என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும். தலைகீழாகப் பார்த்து நேற்றையக் கார்டை அழித்தவர்கள் உண்டு. பெரும்பாலான கேமராக்களில் பாதுகாப்புப் பூட்டுப் போட்ட படங்களையும் ஃபார்மேட் அழித்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு படமாக நீக்கும்போது மட்டும்தான் அந்தப் பூட்டு காப்பாற்றும்.

கோப்புறை விஷயம் சின்னது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். DCIM இல்லாத காலிக் கார்டைப் போட்டால் கேமரா தானே உருவாக்கிக்கொள்ளும், அதனால் எரர் வராது. ஆனால் சில கேமராக்கள் வீடியோவுக்கும் பட்டியலுக்கும் தனிக் கோப்புறைகளும் ஒரு தகவல்தளக் கோப்பும் வைத்திருக்கும். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அவற்றில் ஒன்றை மட்டும் தேவையில்லாதது என்று நீக்கினால், அடுத்த முறை கேமரா தகவல்தளத்தைச் சரிசெய்யட்டுமா என்று கேட்டு நிற்கும். ஒரு கேமராவில் ஃபார்மேட் செய்த கார்டை வேறு கம்பெனிக் கேமராவில் போடுவதற்கு முன் அங்கே ஒரு தடவை ஃபார்மேட் செய்யச் சொல்வது இதற்காகவும்தான்.

கேமரா ஃபார்மேட்டால் தீராத இடங்களும் இருக்கின்றன. ஃபார்மேட் கொடுத்தால் கேமரா அதையே செய்ய முடியவில்லை என்று சொன்னால், முதலில் கார்டின் பக்கத்துப் பூட்டைப் பார்க்க வேண்டும். மைக்ரோ கார்டை அடாப்டரில் போட்டுப் பயன்படுத்துபவர்கள் அடாப்டரை மாற்றிப் பார்க்க வேண்டும், எங்கள் பக்கத்தில் கார்டுக்கு முன்னால் சாவது அடாப்டர்தான். தங்கப் பட்டைகளில் படிவு தெரிந்தால், நூல் உதிராத துணியில் கொஞ்சம் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பின் போட வேண்டும். சட்டையில் துடைப்பது அரிச்சல்முனையில் உப்பைத் தேய்த்துப் பூசுவதற்குச் சமம். அதற்கும் மசியவில்லை என்றால் எஸ்.டி. சங்கமே இலவசமாகத் தரும் SD Memory Card Formatter என்ற மென்பொருளைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்தலாம். அது NTFS என்ற தேர்வையே காட்டாது. சங்கத்தின் கணக்குப்படி கார்டை அமைக்கும். அதன் பிறகு கேமராவில் ஒரு முறை ஃபார்மேட். அப்போதும் எரர் என்றால் அந்தக் கார்டைக் கல்யாணத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. மலிவாகக் கிடைத்த 128 ஜிபி, 256 ஜிபி கார்டாக இருந்தால் அது போலிக் கார்டாக இருக்கவும் வாய்ப்பு அதிகம். அவற்றில் ஃபார்மேட் நன்றாகவே நடக்கும், உண்மையான கொள்ளளவு தீர்ந்ததும் படங்கள் காணாமல் போகும். எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற சோதனை மென்பொருளால் முழுக் கார்டையும் எழுதிப் படித்துப் பார்த்தால்தான் அகப்படும்.

ரொம்பப் பழைய கேமராவும் ஒரு விதிவிலக்கு. எஸ்.டி.எக்ஸ்.சி. வகை அறிவிக்கப்பட்டது 2009-இல். அதற்கு முன் வந்த கேமராவில் 64 ஜிபி கார்டைப் போட்டு எரர் வந்தால் கார்டையும் குறை சொல்ல முடியாது, கேமராவையும் குறை சொல்ல முடியாது. 32 ஜிபி கார்டு வாங்கிப் போடுவதுதான் வழி.

தம்பி அன்று கார்டைத் தனியாக எடுத்து வைத்தது எனக்குப் பிடித்திருந்தது. அதையே அவர்கள் ஸ்டுடியோவில் இப்போது முறையாக ஆக்கியிருக்கிறார்கள். கார்டுகளில் எண் எழுதி ஒட்டியாகிவிட்டது. எரர் காட்டும் கார்டில் படம் இருக்கிறதா என்பதில் துளி சந்தேகம் இருந்தாலும், பக்கத்துப் பூட்டைத் தள்ளிவிட்டுப் பெட்டியில் போட வேண்டும். கேமரா கேட்டாலும், போன் கேட்டாலும், விண்டோஸ் “You need to format the disk” என்று கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். காப்பி இரண்டு இடத்தில் சரிபார்க்கப்பட்ட கார்டை மட்டும், எடுக்கப் போகும் கேமராவில், எடுக்கப் போகிறவரே ஃபார்மேட் செய்கிறார். அதையும் கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே செய்து, ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடுகிறார், கோளாறு இருந்தால் தங்கச்சிமடத்திலேயே தெரியட்டும் என்று.

எடிட்டருக்குக் கார்டு போகும்போது பூட்டைத் தள்ளித்தான் போகிறது. பூட்டியிருந்தால் கம்ப்யூட்டரால் படிக்க மட்டும்தான் முடியும், நீக்கவோ ஃபார்மேட் செய்யவோ முடியாது. கையைக் கட்டிப் போட்ட மாதிரி இருக்கிறது என்று எடிட்டர் முதலில் முணுமுணுத்தாராம். இதில் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். அந்தப் பூட்டு கார்டுக்குள் எதையும் தடுப்பதில்லை, வெறும் பிளாஸ்டிக் தள்ளுகட்டைதான். அது இருக்கும் இடத்தைப் பார்த்து எழுதாமல் இருப்பது ரீடரின் பொறுப்பு. மலிவான சில ரீடர்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. காலியான கார்டு ஒன்றைப் பூட்டி, ரீடரில் போட்டு, புதிய கோப்புறை ஒன்றை உருவாக்கிப் பாருங்கள். உருவானால் அந்த ரீடரை மாற்றிவிடுங்கள்.